இரண்டு பேரை மெயிலில் அறிமுகப்படுத்தினேன், இரண்டு பேருக்கும் கோபம். எங்கே தப்பு?

நூல்கண்டு (இழையைத் தொடங்கியவர்)

திருப்பூரில் ஒரு பையிங் ஆபீசில் மெர்ச்சன்டைசராக இருக்கிறேன். எங்கள் துணிக்குச் சாயம் போட்டுத் தரும் பட்டறைக்காரர் ஒருவர், பல வருஷப் பழக்கம், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். போன மாதம் சாய மாதிரியான லேப் டிப் பார்க்கப் போயிருந்தபோது, சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. பற்றிப் புலம்பினார். அதில் வடிகட்டும் மெம்ப்ரேன் அடிக்கடி அடைத்துக்கொள்கிறதாம். நல்ல தண்ணீர் குறைவாக வருகிறது, மிச்சமெல்லாம் காய்ச்சி ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்குப் போகிறது, விறகுச் செலவு எகிறுகிறது.

என் கல்லூரித் தோழன் கோவையில் இதே வேலையில்தான் இருக்கிறான். மெம்ப்ரேன் எதனால் அடைக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவனுக்குத் தினசரிப் பிழைப்பே. சரி, சேர்த்துவிடலாம் என்று நல்லெண்ணத்தில் இந்த மெயிலை அனுப்பினேன் (பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்):

> பொருள்: அறிமுகம்
>
> வணக்கம் அண்ணா, இவர் என் நண்பர், தண்ணீர் சுத்திகரிப்பில் பெரிய நிபுணர். டேய், அண்ணா பட்டறையில் ஆர்.ஓ. சரியாக ஓடவில்லை, நீ போய்ப் பார்த்தால் நன்றாக இருக்கும். அண்ணா நம்பர் கீழே இருக்கிறது. இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள், இருவருக்கும் பயன்படும்!

இரண்டு நாள் கழித்து அண்ணா போன் செய்தார். "ஏம்மா, இதையெல்லாமா எழுதி அனுப்புவாங்க?" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார். தோழனிடமிருந்து நாலு நாள் பதிலே இல்லை. அப்புறம் வாட்ஸப்பில் "ஆபீஸ் ஐடிக்கு ஏன் அனுப்பினாய்?" என்று ஒரு வரி.

நான் செய்ததில் அப்படி என்ன தப்பு? இனி எப்படி எழுதுவது?

---

மலர்விழி

உங்கள் அறிமுகத்தில் உங்களைப் பற்றி ஒன்றுமே இல்லையே. பெயர், பதவி, எத்தனை வருஷ அனுபவம் என்று முதல் பத்தியில் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வர வேண்டும். நான் எப்போதும் லிங்க்ட்இன் சுட்டியையும் கீழே போடுவேன்.

---

நூல்கண்டு

மலர், நான் என்னை அறிமுகம் செய்துகொள்ளவில்லை. எனக்குத் தெரிந்த இரண்டு பேரை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்தேன். இரண்டு பேருக்குமே என்னை நன்றாகத் தெரியும். இப்போது கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

---

அவினாசி ரோடு

மெயிலே தப்புங்க. நம்ம ஊரில் யாருங்க மெயில் பார்க்கிறாங்க? மூணு பேரையும் சேர்த்து ஒரு வாட்ஸப் குரூப் போட்டு, "அண்ணா, பையன் நல்லவன், பேசிக்கோங்க" என்று ஒரு வாய்ஸ் நோட் விட்டால் முடிஞ்சது. நான் இப்படித்தான் நூல்காரரையும் நிட்டிங்காரரையும் சேர்த்துவிட்டேன், இன்னிக்கு வரைக்கும் ஒண்ணா தொழில் பண்றாங்க.

---

பழைய ரிஜிஸ்டர்

ஒரு தொழில் சங்க அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் இருந்தேன். வாரத்துக்கு நாலைந்து பேரையாவது இப்படிச் சேர்த்துவிடுவது வேலையின் ஒரு பகுதி. என்ன நடந்தது என்று முதலில் பார்ப்போம்.

உங்கள் மெயிலில் "ஆர்.ஓ. சரியாக ஓடவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். வேறு தொழிலில் அது சாதாரண வாக்கியம். திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையைப் பற்றி, அவருக்கு முன்பின் தெரியாத ஒருவருக்கு, எழுத்தில் அப்படிச் சொல்வது வேறு விஷயம். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டதை அங்கே யாரும் மறக்கவில்லை. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக்கூடாது என்ற கட்டாயத்தில்தான் அதற்குப் பிறகு எல்லாரும் ஓட்டுகிறார்கள். அவர் சொன்னது செலவுப் பிரச்சினை. நீங்கள் எழுதியதைப் படிப்பவருக்கு அது சட்டப் பிரச்சினை. எவாப்பரேட்டருக்கு அதிகம் போகிறது என்றால் வெளியே ஒன்றும் போகவில்லை என்றுதான் அர்த்தம். ஆனால் உங்கள் வாக்கியத்தில் அது இல்லையே.

இன்னொன்று. அந்த மெயில் ஐடியை அவரே திறக்கிறாரா?

---

நூல்கண்டு

அடக்கடவுளே. இல்லை. பட்டறை ஐடியை அக்கவுண்டன்ட்தான் பார்ப்பார். பில் எல்லாம் அதற்குத்தான் அனுப்புவோம். அப்படியானால் அவர்தான் முதலில் படித்திருப்பார்.

தோழன் விஷயமும் இப்போதுதான் புரிகிறது. அவன் வேலையை விட்டுத் தனியாக ஆலோசகராகப் போகப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் விட்டுவிட்டான் என்றே நினைத்துவிட்டேன். இன்னும் நோட்டீஸ் காலத்தில்தான் இருக்கிறானாம். ஆபீஸ் ஐடிக்கு "நீ போய்ப் பார்" என்று நான் எழுதியது, அவன் கம்பெனிக்குப் போக வேண்டிய வாடிக்கையாளரை அவன் தனியாகப் பிடிக்கிற மாதிரி ஆகிவிட்டது.

---

பழைய ரிஜிஸ்டர்

பாருங்கள், இரண்டு பேரின் சங்கடத்துக்கும் காரணம் உங்கள் எழுத்துநடை கிடையாது. முன்னாலேயே இரண்டு பேரிடமும் தனித்தனியாக ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இரண்டுமே வெளியே வந்திருக்கும். "அண்ணா, இதை எந்த ஐடிக்கு அனுப்பட்டும், என்னவென்று எழுதட்டும்?" என்று கேட்டால் அவர் "பையனோட ஐடிக்குப் போடும்மா, ஆர்.ஓ. பேச்சை எடுக்காதே" என்றிருப்பார். தோழனும் "ஒரு மாசம் பொறு" என்றிருப்பான். சம்மதம் கேட்பதை மரியாதை என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். என் அனுபவத்தில் அதன் பெரிய லாபம் தகவல்தான்.

யாரிடம் முதலில் கேட்பது என்பதிலும் ஒரு வழி உண்டு. "வேண்டாம்" என்று சொல்ல வாய்ப்பு அதிகம் உள்ளவரிடம் முதலில். உங்கள் விஷயத்தில் அது அண்ணா. தோழனிடம் முதலில் கேட்டு, அவனும் ஆசையாகத் தலையாட்டிவிட்டு, அப்புறம் அண்ணா மறுத்தால் அதைப் போய் அவனிடம் சொல்ல வேண்டிவரும். அண்ணாவிடம் கேட்கும்போது அவன் பெயரைக்கூடச் சொல்லத் தேவையில்லை: "கோவையில் எனக்குத் தெரிந்த ஒருவர், மெம்ப்ரேன் வேலையில் பல வருஷம், பேசிப் பார்க்கிறீர்களா?" என்றால் போதும். அவர் மறுத்தாலும் யாருக்கும் முகம் வாடாது, ஏனென்றால் மறுக்கப்பட்டது யாரென்றே அவருக்குத் தெரியாது.

---

தேரடி வீதி

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பல வருஷம் பழகிய அண்ணனிடம் "அறிமுகம் செய்யலாமா, அனுமதி உண்டா" என்று மெயில் எழுதினால் அவர் என்ன நினைப்பார்? திடீரென்று இவளுக்கு என்ன ஆச்சு என்றுதான். நமக்குள் இதெல்லாம் கேட்டுச் செய்வதா?

---

பழைய ரிஜிஸ்டர்

மெயிலில் கேட்கச் சொல்லவில்லை. போனில் கேளுங்கள், அடுத்த முறை பட்டறைக்குப் போகும்போது டீ குடித்துக்கொண்டே கேளுங்கள். "அனுமதி" என்ற சொல்லே அங்கே வராது. அவினாசி ரோடு சொன்னதில் பாதி இதனால்தான் சரி: பேச்சில் முடிவது பேச்சில் முடியட்டும். ஆனால் குரூப் போடுவதில் எனக்குப் பயம். குரூப்பில் சேர்த்த நொடியில் இருவர் நம்பரும் இருவரிடமும் போய்விடும். அதைத் திரும்ப வாங்க முடியாது. அப்புறம் மூன்று பேர் உள்ள குரூப்பில் இரண்டு பேர் பேச வேண்டியதை மூன்றாமவர் முன்னால் பேச வேண்டும். விலை பேச முடியுமா? அவர்கள் தனியாகப் பேசப் போய்விடுவார்கள், குரூப் "குட் மார்னிங்" குரூப் ஆகிவிடும்.

---

அவினாசி ரோடு

குட் மார்னிங் குரூப் ஆனது உண்மைதாங்க. என் குரூப்பில் இப்ப நான் மட்டும்தான் பேசறேன்.

---

குமரன் 77

நல்ல இழை. என் மச்சினன் பையனுக்கு இதே பிரச்சினை. பி.இ. முடித்திருக்கிறான். எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனி எச்.ஆருக்கு அவன் பயோடேட்டாவை அனுப்பி வைத்தேன். அவர் பதிலே போடவில்லை. மூன்று தடவை ஃபார்வர்டு செய்தாயிற்று. இப்போது போனையும் எடுப்பதில்லை. எடுக்க வைக்க ஏதாவது வழி?

---

தேரடி வீதி

நாலாவது தடவை அனுப்பாமல் இருப்பதுதான் முதல் வழி, குமரன்.

---

கடல் தாண்டி (சிங்கப்பூர்)

குமரன் கேட்டது வேறு விஷயம்தான், ஆனால் அவர் "ஃபார்வர்டு" என்றதும் என் கதை நினைவுக்கு வந்தது.

இங்கே ஒருவர் தன்னை என் பழைய மேலாளரிடம் அறிமுகப்படுத்தச் சொன்னார். அவருக்கும் எனக்கும் நடந்த மெயில் உரையாடல் ஏழெட்டு இருக்கும். கடைசி மெயிலில் அவர் தன்னைப் பற்றி அழகாக எழுதியிருந்தார், அப்படியே மேலாளருக்குத் தள்ளிவிட்டேன். கீழே மூன்றாவது மெயிலில் அவர் "இவ்வளவு கேட்பேன், ஆனால் இதற்கு ஒத்துக்கொள்வேன்" என்று இரண்டு தொகையும் எழுதியிருந்தது எனக்கு நினைவே இல்லை. மேலாளர் நேராக இரண்டாவது தொகையிலிருந்து பேச்சைத் தொடங்கினார்.

அதிலிருந்து இப்படிச் செய்கிறேன்: யாராவது அறிமுகம் கேட்டால், "புது மெயிலாக ஒன்று எழுதி அனுப்புங்கள், நாலைந்து வரி போதும், நான் அதை அப்படியே அனுப்பும்படி இருக்கட்டும்" என்பேன். அவர் சொல்ல நினைப்பதை அவர் வார்த்தையிலேயே சொல்லிவிடுகிறார். கீழே பழைய குப்பை எதுவும் ஒட்டிக்கொண்டு வராது. என் வேலையும் மிச்சம்.

---

நூல்கண்டு

இது எனக்கு உதவும். தோழனிடம் அப்படியே கேட்கிறேன்.

சரி, இரண்டு பேரும் சம்மதித்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெயிலில் என்ன இருக்க வேண்டும்? யார் பெயர் முதலில்? யாரை To-வில் போடுவது, யாரை Cc-யில் போடுவது?

---

பழைய ரிஜிஸ்டர்

இரண்டு பேரையும் To-வில் போடுங்கள். ஒருவர் To, ஒருவர் Cc என்றால் Cc-யில் இருப்பவர் தனக்குத் தகவலுக்காகத்தான் வந்திருக்கிறது என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிடுவார். எழுத்தில் மட்டும் வயதில் மூத்தவரை முதலில் விளியுங்கள்.

உங்கள் மெயிலில் "பெரிய நிபுணர்" என்று ஒரு சொல் இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள். அதைப் படிக்கும் அண்ணாவுக்கு ஒன்றும் புரியாது, படிக்கும் தோழனுக்குக் கூச்சம். அதற்குப் பதிலாக அவன் என்ன செய்தான் என்று ஒரே ஒரு விஷயம் சொல்லுங்கள். உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்பதையும் சொல்லுங்கள். நீங்கள் அவனோடு படித்தவர், அவன் வேலையை நேரில் பார்த்தவர் கிடையாது. அதை மறைத்தால் நாளைக்கு வேலை சரியில்லை என்றால் "நீ சொன்னதால்தானே எடுத்தேன்" என்பது உங்கள் தலையில் விழும்.

மாதிரிக்கு ஒன்று எழுதிப் பார்த்தேன். ஊர் விவரமெல்லாம் நீங்கள் சொன்னதுதான்.

> பொருள்: அறிமுகம்: (அண்ணா பெயர்), திருப்பூர் – (தோழன் பெயர்), கோவை: ஒரு தொழில்நுட்ப ஆலோசனை
>
> வணக்கம் அண்ணா. போனில் சொன்ன என் கல்லூரித் தோழர் இவர்தான். ஆர்.ஓ. மெம்ப்ரேன் பராமரிப்பில் பல வருஷம் வேலை பார்த்தவர். மெம்ப்ரேனைக் கழற்றிப் பார்த்து எதனால் அடைக்கிறது என்று கண்டுபிடிப்பது இவர் வேலையில் பாதி. நான் இவரோடு படித்தவள், வேலை செய்தவள் கிடையாது, அதனால் வேலையை நீங்களே பேசிப் பார்த்து முடிவு செய்துகொள்ளுங்கள்.
>
> (தோழன் பெயர்), அண்ணாவின் பட்டறையில்தான் எங்கள் துணிக்குப் பல வருஷமாகச் சாயம் போடுகிறோம். பராமரிப்புச் செலவைக் குறைக்க வழி உண்டா என்று ஒரு கருத்துக் கேட்க விரும்புகிறார். விவரம் அவரே சொல்வார்.
>
> அடுத்து நீங்கள்தான் எழுத வேண்டும். இந்த மெயிலுக்கே பதில் போட்டு, இந்த வாரத்தில் எந்த நாள் பேச வசதி என்று கேளுங்கள். அண்ணாவுக்குக் காலை 11 மணிக்கு மேல்தான் தோதுப்படும்.
>
> இப்போதைக்கு ஒரு தடவை பேசிப் பார்ப்பதுதான், அதற்கு மேல் இருவருக்கும் எந்தக் கட்டாயமும் இல்லை. இனி நான் நடுவில் இல்லை.

ஆர்.ஓ. என்ற சொல் தோழனின் வேலையைச் சொல்லும் இடத்தில் மட்டும்தான் வருகிறது, பட்டறையைச் சொல்லும் இடத்தில் வரவில்லை. பிரச்சினையை அண்ணா வாயால் சொல்லட்டும். நம்பரும் இல்லை. பேச முடிவானால் அவரே கொடுப்பார். யார் முதல் அடி எடுத்து வைப்பது என்று எழுதியிருப்பதைக் கவனியுங்கள். உங்கள் பழைய மெயிலில் "இரண்டு பேரும் பேசிக்கொள்ளுங்கள்" என்று இருந்தது. அப்படி எழுதினால் இரண்டு பேரும் மற்றவர் பேசுவார் என்று காத்திருப்பார்கள். அண்ணா பெரியவர், அவர் கூப்பிட மாட்டார். தோழன் சின்னவன், பெரியவரைத் தானாகத் தொந்தரவு செய்யத் தயங்குவான்.

---

தேரடி வீதி

"எந்தக் கட்டாயமும் இல்லை" என்பதை எழுத வேண்டுமா? அழைப்பிதழில் "வந்தால் வாருங்கள்" என்று அச்சடித்த மாதிரி இருக்கிறது.

---

கடல் தாண்டி

எனக்கு அந்த வரி பிடித்திருக்கிறது. அறிமுகம் பெற்றவருக்குப் பெரிய சங்கடமே "வேண்டாம்" என்று சொல்வதுதான். நடுவில் இருப்பவர் மனம் நோகுமே என்று ஒரு வேலையை எடுத்து, பாதியில் கைவிட்டதை நான் பார்த்திருக்கிறேன். எழுதிவிட்டால் இருவருக்கும் வெளியே போக ஒரு வாசல் இருக்கும்.

ஒரு சின்ன விஷயம். பதில் போடும்போது தோழன் உங்களை To-விலிருந்து எடுத்து Bcc-யில் போட்டு, முதல் வரியில் "நன்றி, உங்களை Bcc-க்கு மாற்றிவிட்டேன்" என்று எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு பதில் உங்களுக்கு வரும், அதனால் பேச்சு தொடங்கிவிட்டது என்று தெரியும். அதற்கு அண்ணா Reply all அழுத்தினாலும் உங்களுக்கு வராது. இல்லாவிட்டால் "செவ்வாய் வசதியா", "செவ்வாய் முடியாது, புதன்" என்று பத்து மெயில் உங்கள் பெட்டியில் வந்து விழும்.

---

அவினாசி ரோடு

Bcc-யில் இருக்கிற ஆள் சும்மா இருக்கணுங்க. ஒரு தடவை நான் Bcc-யில் இருந்துட்டு, ஆர்வத்தில் Reply all போட்டு "வாழ்த்துகள்!" என்று அனுப்பிட்டேன். இவர் எங்கிருந்து வந்தார் என்று எல்லாரும் முழிச்சாங்க.

---

கடல் தாண்டி

ஆமாம், அது நடக்கும். இங்கே Bcc-க்கு மாற்றியதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவதால் ஒளிந்திருந்து பார்த்த மாதிரி ஆகாது. சொல்லாமல் Bcc போடுவதுதான் வம்பு.

---

தேரடி வீதி

யாரும் கேட்காத ஒன்றை நான் கேட்கிறேன். திருப்பூரில் ஒருவர் ஒருவரைச் சேர்த்துவிட்டால் நடுவில் கமிஷன் இருக்கும் என்றுதான் முதல் நினைப்பு. நூல்கண்டுக்கு இதில் ஒன்றும் இல்லை என்று எழுத வேண்டாமா? அண்ணா கோபத்தில் அதுவும் கொஞ்சம் கலந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம்.

---

பழைய ரிஜிஸ்டர்

கமிஷன் இருந்தால் கட்டாயம் முன்னாலேயே சொல்லியாக வேண்டும், அதில் பேச்சே இல்லை. இல்லாதபோது "எனக்கு இதில் ஒன்றும் இல்லை" என்று மெயிலில் எழுதுவது எனக்குப் பிடிக்காது. யாரும் கேட்காதபோது சொன்னால் அதுவே சந்தேகத்தைக் கிளப்பும். போனில் பேசும்போது பேச்சோடு பேச்சாக வந்தால் சரி.

---

தேரடி வீதி

எனக்கு அப்படித் தோன்றவில்லை. நூல்கண்டு அந்தப் பட்டறைக்கு ஆர்டர் கொடுக்கும் பக்கத்தில் இருக்கிறார். ஆர்டர் கொடுப்பவர் ஒருவரைக் காட்டினால், வேண்டாம் என்றால் அடுத்த ஆர்டர் வருமா என்று யோசிக்கத்தான் செய்வார்கள். "இதற்கும் நம் வேலைக்கும் சம்பந்தமில்லை" என்று எழுத்தில் இருந்தால்தான் அவருக்கு நிம்மதி.

---

பழைய ரிஜிஸ்டர்

ஆர்டர் பக்கம் என்பதை நான் யோசிக்கவில்லை. அது நியாயமான கேள்விதான். அப்படியானால் எழுத்தைவிட, முதலில் கேட்கும்போதே அவர் சுலபமாக மறுக்கும்படி கேட்பதுதான் முக்கியம் என்பேன். உங்கள் வரியைப் பற்றி இன்னும் எனக்கு இரண்டு மனம்தான்.

---

குமரன் 77

என் மச்சினன் பையன் விஷயத்தில், எச்.ஆரிடம் முதலில் "ஆள் எடுக்கிறீர்களா" என்று கேட்டிருக்க வேண்டுமோ?

---

கடல் தாண்டி

ஆமாம் குமரன். எந்த வேலைக்கு என்றும் சொல்லியிருக்க வேண்டும். இப்போதைக்கு ஒரு மாதம் விட்டுவிடுங்கள். அப்புறம் பையனே நேராக எழுதட்டும், "இன்னார் உறவினர்" என்று ஒரு வரியோடு.

---

நூல்கண்டு

நிலவரம் சொல்கிறேன். நேற்று ஷேட் அப்ரூவலுக்குப் பட்டறைக்குப் போனேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அக்கவுண்டன்ட் படிச்சுட்டு எங்கிட்டே ஓடி வந்தாரும்மா, பொல்யூஷன் போர்டுலேர்ந்து ஆள் வர்றாங்களான்னு" என்று சொல்லிச் சிரித்தார். அந்த மெயிலை அழிக்கச் சொல்லிவிட்டாராம். "உன் ஆர்டருக்காகத்தான் நான் ஆள் பார்க்கணும்னு நெனைச்சியா?" என்றும் கேட்டார். தேரடி வீதி, உங்கள் சந்தேகம் சரிதான். இல்லவே இல்லை அண்ணா என்றேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

பேசத் தயார்தானாம். மெயிலைத் தன் பையனுடைய சொந்த ஐடிக்குப் போடச் சொன்னார், பட்டறை விஷயம் எதையும் அப்பட்டமாக எழுதக்கூடாது என்ற நிபந்தனையோடு. பழைய ரிஜிஸ்டர் எழுதிய மாதிரியைக் காட்டினேன். "பராமரிப்புச் செலவு" என்ற இடத்தில் மட்டும் விரலை வைத்து, "இது போதும்" என்றார்.

தோழனுக்கு இந்த மாதக் கடைசியில்தான் ரிலீவிங். அதுவரை ஒன்றும் அனுப்பாதே என்கிறான். தன்னைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னேன், பதினேழு வரி எழுதி அனுப்பியிருக்கிறான். அதில் ஒன்பது வரி அவன் செய்த ப்ராஜெக்ட் பட்டியல். அதைச் சுருக்கச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.